ஸ்டார்ட்டிங் பிரைஸ்: ‘தொடக்க விலை’ என்று எழுதலாமா?

செல்வி எழுதியது:

வணக்கம். விளையாட்டுக் கலைச்சொல் பட்டியலில் குதிரைப் பந்தயப் பகுதி என் பங்குக்கு வந்திருக்கிறது. ஸ்டார்ட்டிங் பிரைஸுக்குத் ‘தொடக்க விலை’ என்றும், ஏர்லி பிரைஸுக்கு ‘முன்விலை’ என்றும் எழுதிவைத்தேன். என் தம்பி படித்துப் பார்த்துவிட்டு, “அக்கா, ரெண்டும் ஒண்ணுதானே?” என்று கேட்டான். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. பிரிட்டனில் இந்த இரண்டுக்கும் நடுவில் ஆளைப் பொறுத்துப் பெரிய தொகை மாறுகிறது என்று மட்டும் தெரியும். உதவுங்கள்.

கதிர் எழுதியது:

தம்பி குழம்பியதில் தவறே இல்லை. விலை என்பது ஒரு ரூபாய் கட்டி ஜெயித்தால் கிடைக்கும் ஆதாயம். இங்கே ‘ஸ்டார்ட்டிங்’ என்பது ஓட்டத்தின் தொடக்கம், விலையின் தொடக்கம் அல்ல. வாயில் திறந்து குதிரைகள் பாயும் கணத்தில் நிற்கும் விலை அது. அதாவது கடைசி விலை. ‘தொடக்க விலை’ என்று எழுதினால் அர்த்தம் தலைகீழாகிவிடும். பங்குச்சந்தையில் சொல்வதுபோல் ‘முடிவு விலை’ என்று வைத்துவிடலாம்.

ஏர்லி பிரைஸ் என்பது ஓட்டத்துக்கு வெகுமுன்பே தரும் விலை. எதில் ஆதாயம் என்றால், எப்போதும் காலையிலேயே அந்த விலையைப் பிடிப்பதுதான். பணம் வரவர விலை இறங்கத்தானே செய்யும்?

பரமசிவம் எழுதியது:

நான் கிண்டிக்கு முப்பது வருஷம் போனவன். அங்கே யாரும் விலை என்று சொல்ல மாட்டோம், ‘ரேட்’ என்றுதான் சொல்வோம். ஆனால் டோட்டில் கட்டினால் காலை ரேட், கடைசி ரேட் எதுவும் கிடையாது. எல்லாருடைய பணமும் ஒரே குளத்தில் விழும், கழிவு போக மீதியை ஜெயித்தவர்கள் பங்கு போட்டுக்கொள்வார்கள். ஓட்டம் முடிந்த பிறகே எவ்வளவு என்று தெரியும். அதைத்தான் கேட்கிறீர்கள் என்றால் ‘பங்கீட்டுத் தொகை’ என்று போடுங்கள்.

ஜெயந்தன் எழுதியது:

ஐயா சொல்வது டோட்டுக்குச் சரி. செல்வி அக்கா கேட்பது பந்தயப் பணம் வாங்கும் புக்மேக்கர்கள் தரும் விலை, இது வேறு விசயம். நான் தென் லண்டனில் பந்தயக் கடையொன்றில் ஒன்பது வருசம் கவுண்டரில் நின்றவன். கடைக்கு வாறவர்களில் பாதிப்பேர் சீட்டில் விலை எழுதாமல் நீட்டுவார்கள். விலை எழுதாத சீட்டு ஸ்டார்ட்டிங் பிரைஸுக்குத்தான் தீரும்.

‘முடிவு விலை’க்கு நான் உடன்படவில்லை. பங்குச்சந்தையில் உண்மையாகவே நடந்த வியாபாரத்திலிருந்து அந்த விலை வருகிறது. இது அப்படி அல்ல. 2020-க்கு முன்பு, ஓட்டம் கிளம்பும்போது மைதானத்துப் புக்மேக்கர்களின் பலகைகளில் இருந்த விலைகளைக் குறித்து, பெரியதிலிருந்து சிறியதாக அடுக்கி, சரிபாதியாகப் பிரிப்பார்கள். பெரிய விலைப் பாதியில் இருக்கும் மிகச் சிறிய விலைதான் ஸ்டார்ட்டிங் பிரைஸ். ஆறு பலகை என்று வைத்துக்கொள்ளுங்கள்: 6, 6, 5.5, 5, 5, 4.5. முதல் மூன்றில் சிறியது 5.5, அதுவே விலை. பலகைகளில் பாதியாவது அந்த விலையையோ அதற்கு மேலோ தந்தது என்பதுதான் அதன் அர்த்தம். 2020 ஜூனில் பார்வையாளர் இல்லாமல் ஓட்டம் நடந்தபோது மைதானத்தில் பலகையே இருக்கவில்லை. வெளியே உள்ள நிறுவனங்களின் விலைகளிலிருந்து எடுத்தார்கள்.

அந்தப் பழைய முறையிலிருந்து ஒன்று தெரியும். மைதானத்தில் நிற்கும் ஆள் கடைசி நேரத்தில் பலகைகளைச் சுற்றிப் பார்த்து ஆகப் பெரிய விலையைப் பிடித்தால், அது ஸ்டார்ட்டிங் பிரைஸுக்குக் குறைந்திருக்காது. அங்கே நின்றுகொண்டு “எஸ்பி போடுங்கோ” என்று சொல்வதில் ஆதாயமே இருக்கவில்லை. அந்த விலை கடையில் இருப்பவனுக்காக உண்டானது.

விலை இறங்கத்தான் செய்யும் என்று கதிர் சொல்வது பாதிதான் உண்மை. ஒரு குதிரைக்குப் பணம் குவிந்து விலை இறங்கினால், அதே ஓட்டத்தில் வேறு ஒன்றுக்கு விலை ஏறும். காலையில் 4-க்குப் பிடித்தது கிளம்பும்போது 7-ல் நிற்பது நான் தினமும் கண்டது.

இறங்கியதற்குப் பெரிய உதாரணம் 1996 செப்டம்பர் 28, ஆஸ்கட். ஜாக்கி ஃபிராங்கி டெட்டோரி அன்று ஏழு ஓட்டத்திலும் வென்றார். ஏழாவது குதிரை ஃபுஜியாமா கிரெஸ்ட். காலையில் 1-க்கு 12, கிளம்பும்போது 1-க்கு 2. குதிரை திடீரென்று அவ்வளவு நல்லதாகிவிடவில்லை. நாடு முழுக்க மக்கள் டெட்டோரியின் குதிரைகளை, ஒன்றில் வென்றது முழுவதும் அடுத்ததில் போகும்படி, சங்கிலியாகக் கட்டியிருந்தார்கள். ஆறு வென்றதும் ஏழாவதில் பெரிய நிறுவனங்களுக்குக் கோடிக்கணக்கில் பொறுப்பு நின்றது. அவர்கள் மைதானத்துக்குப் பணம் அனுப்பி அந்தக் குதிரையிலேயே போட்டு விலையை நசுக்கினார்கள். ஸ்டார்ட்டிங் பிரைஸுக்குக் கட்டியவர்களுக்கு அந்த நசுங்கிய விலைதான் கிடைத்தது.

கணக்கைப் பாருங்கள். ஏழும் ஸ்டார்ட்டிங் பிரைஸில் என்றால், கட்டிய காசும் சேர்த்து ஒரு பவுணுக்கு 25,096 பவுண் 50 பென்ஸ் திரும்பும். மற்ற ஆறையும் அப்படியே விட்டு, கடைசிக் குதிரைக்கு மட்டும் காலை 12-ஐப் பிடித்திருந்தால் 1,08,751 பவுண் 50 பென்ஸ். ஒரு குதிரையின் விலையில் நாலு மடங்குக்கு மேல் வித்தியாசம்.

கதிர் எழுதியது:

ஏறும் பக்கத்தை நான் யோசிக்கவில்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இப்போது பிரிட்டனில் ‘பெஸ்ட் ஆட்ஸ் கேரண்டீட்’ என்று தருகிறார்களே? காலையில் பிடித்தாலும், ஸ்டார்ட்டிங் பிரைஸ் அதிகமாக வந்தால் அதையே கொடுப்பார்கள். அப்படியானால் காலையில் பிடிப்பதில் நட்டமே இல்லை அல்லவா?

ஜெயந்தன் எழுதியது:

அந்தச் சலுகை இருக்கிற கணக்கில் நீங்கள் சொல்வது சரி. ஆனால் வென்றுகொண்டே இருப்பவர்களின் கணக்கிலிருந்து அதை எடுத்துவிடுவது இங்கே வழக்கம். ஓட்டத்துக்குப் பல நாள், பல மாதம் முன்பே கட்டும் ஆன்டி-போஸ்ட்டுக்கும் அது பொதுவாகக் கிடையாது. அதில் குதிரை ஓடாவிட்டாலே காசு போச்சு. அதனால் அதற்குத் தனிச் சொல் வேணும், ‘முன்விலை’க்குள் போடக் கூடாது.

இன்னொன்றும் இருக்கு. காலையில் விலையைப் பிடித்த பிறகு ஒரு குதிரை விலகினால் நான்காம் விதிப்படி உங்கள் ஆதாயத்தில் பிடிப்பார்கள். எவ்வளவு என்பது விலகிய குதிரையின் விலையைப் பொறுத்தது. உங்கள் குதிரையின் விலைக்கும் அதற்கும் தொடர்பில்லை. காலையில் 6-க்கு 10 பவுண் கட்டினீர்கள், 2-க்கு 3 விலையில் நின்ற பேவரிட் விலகியது. பவுணுக்கு 40 பென்ஸ் கழிப்பு. ஆதாயம் 60-லிருந்து 36 ஆகும். புதுச் சந்தை உருவாக நேரம் இருந்தால் ஸ்டார்ட்டிங் பிரைஸ்காரருக்குக் கழிப்பு இல்லை, ஆனால் அவர் விலையும் இறங்கியிருக்கும். அது 3-ல் வந்தால் அவருக்கு 30, நீங்கள் முன்னே. 4-ல் வந்தால் அவருக்கு 40, அவர் முன்னே.

என் அனுபவத்தில், சந்தைக்கு இன்னும் தெரியாத ஒன்று உங்களுக்குத் தெரிந்தால் காலையில் பிடியுங்கள். மழை, தரை, அணிவகுப்பில் குதிரை நிற்கும் நிலை என்று கடைசியில் தெரிவதை வைத்துத்தான் முடிவெடுப்பீர்கள் என்றால் காத்திருங்கள். எதுவும் தெரியாமல் காலையில் பிடித்தவர்கள் கவுண்டரில் வந்து புலம்பியதை நிறையக் கேட்டிருக்கிறேன்.

சொல்லுக்கு என் யோசனை: ‘புறப்பாட்டு விலை’.

பரமசிவம் எழுதியது:

புறப்பாடு என்றால் எனக்குச் சாமி புறப்பாடுதான் முதலில் நினைவுக்கு வருகிறது. ஆனாலும் பொருள் பொருந்துகிறது. கிளம்பும் நேரம்தானே. விலை என்பதை மட்டும் ‘ரேட்’ என்று மாற்றுங்கள். புத்தகத்தில் ஒன்று, வாயில் ஒன்று என்றால் யார் எடுத்து ஆளுவார்கள்?

செல்வி எழுதியது:

‘புறப்பாட்டு விலை’யை எழுதிக்கொண்டேன். ஏர்லி பிரைஸ்தான் இன்னும் உறுத்துகிறது. ‘காலை விலை’ என்றால் முந்தின நாள் மாலையே வரும் விலையை என்ன செய்வது? ‘முன்பிடி விலை’ எனக்குப் பிடித்திருக்கிறது, பிடிப்பது என்ற வினை இங்கே எல்லாருக்கும் தானாக வந்தது. ஆனால் யாரும் பிடிக்காமல் பலகையில் நிற்கும்போதும் அது ஏர்லி பிரைஸ்தானே என்று ஜெயந்தன் கேட்பார். ஆன்டி-போஸ்ட்டுக்கு ‘நெடுமுன் விலை’ என்று தற்காலிகமாகக் குறித்திருக்கிறேன். ஐயா, ‘ரேட்’டை அடைப்பில் வைக்காமல் மாற்றுச் சொல்லாகவே சேர்க்கிறேன். வெள்ளிக்கிழமைக்குள் வேறு யோசனை இருந்தால் எழுதுங்கள்.