ஸ்கூல் பஸ்ஸுக்கு டிரைவர், ஆயா கேட்டு மெசேஜ் போட்டோம், 60 போன் வந்தது, ஒருவரும் நிலைக்கவில்லை. எதைத் திருத்துவது?

ஆபீஸ்_கோபி:
கோபிச்செட்டிபாளையம் பக்கம் ஒரு சின்ன மெட்ரிக் பள்ளியில் ஆபீஸ் வேலை பார்க்கிறேன், பஸ் கணக்கும் என் தலையில்தான். போன மாதம் ஒரு டிரைவரும் ஆயாவும் நின்றுவிட்டார்கள். வாட்ஸ்அப் குரூப்களில் இப்படிப் போட்டேன்:

"பள்ளிப் பேருந்துக்கு டிரைவர், ஆயா உடனே தேவை. அனுபவம் உள்ளவர்கள் அணுகவும். காலை, மாலை மட்டும் வேலை. நல்ல சம்பளம்."

நாலு நாளில் 60 போன். பாதிப் பேர் டிராக்டர், கால் டாக்ஸி ஓட்டுபவர்கள். ஒருவரைச் சேர்த்தோம், ஒன்பதாம் நாள் சாவியை மேஜையில் வைத்துவிட்டு, "காலை மாலை மட்டும்னு சொன்னீங்க, மத்தியானம் எல்கேஜி டிரிப் இருக்குன்னு யாரும் சொல்லலையே" என்று கிளம்பிவிட்டார். ஆயா மூன்றே நாள். மெசேஜில் எதை எப்படி எழுதினால் சரியான ஆள் வருவார்கள்? லைசென்ஸ் என்ன கேட்க வேண்டும் என்பதிலும் எனக்குக் குழப்பம்தான்.

லோடு_வண்டி_செல்வம்:
லைசென்ஸ் பற்றி ரொம்ப யோசிக்காதீங்க. 2024 நவம்பரில் சுப்ரீம் கோர்ட்டே சொல்லிவிட்டது, லைட் லைசென்ஸ் இருந்தால் டிரான்ஸ்போர்ட் வண்டியும் ஓட்டலாம் என்று. பேட்ஜ் கீட்ஜ் எல்லாம் பழைய கதை. ஆள் கிடைப்பதே கஷ்டம், இதில் ஹெவி என்று போட்டால் யார் வருவார்?

நைட்_ஷிப்ட்_12:
அண்ணா, நான் ஆத்தூர். ஹெவி 2011-லேயே எடுத்தேன். ரூம் தருவீங்களா? சம்பளம் எவ்வளவு?

ஷெட்_சூப்பர்வைசர்:
செல்வம் சொன்ன தீர்ப்பு உண்மைதான், ஆனால் பாதிதான் சொன்னார். அது மொத்த எடை 7,500 கிலோ வரை உள்ள வண்டிக்கு. மாருதி வேனோ சின்ன டெம்போ டிராவலரோ என்றால் பேசலாம். உங்கள் பஸ் எத்தனை சீட்? ஆர்.சி.யை எடுத்து மொத்த எடை என்ன என்று பாருங்கள். 40 சீட்டுக்கு மேல் என்றால் பெரும்பாலும் 7,500-ஐத் தாண்டியிருக்கும். அதற்கு லைட் லைசென்ஸோடு ஒருவரை ஏற்றினால், விபத்து நடந்தால் இன்சூரன்ஸ்காரர் முதலில் கேட்கும் காகிதமே அதுதான்.

நான் ஒரு கல்லூரியில் 14 வண்டி பார்த்தவன். ஆள் எடுக்கும்போது எல்லோரும் செய்யும் தப்பு ஒன்று உண்டு. கார்டில் முதலில் கண்ணில் படும் தேதியை வைத்து "2005-ல் லைசென்ஸ் எடுத்திருக்கிறார், இருபது வருட அனுபவம்" என்று எண்ணிக்கொள்கிறார்கள். அது பைக்குக்கு எடுத்த தேதியாக இருக்கும். ஹெவி எப்போது சேர்த்தார் என்று பாருங்கள். அதேபோல் கார்டில் Validity (NT) என்றும் Validity (TR) என்றும் இரண்டு தேதி இருக்கும். NT 2035 வரை இருக்கும், TR போன மாதமே முடிந்திருக்கும். பஸ்ஸுக்கு TR-தான் கணக்கு. அது ஐந்து வருடத்துக்கு ஒரு முறை புதுப்பிப்பது, மெடிக்கல் சர்டிபிகேட்டோடு. போனிலேயே "டி.ஆர். எப்போ முடியுது?" என்று கேளுங்கள், நிஜ டிரைவர் யோசிக்காமல் சொல்லிவிடுவார்.

அனுபவத்துக்கு, 1997-ல் சுப்ரீம் கோர்ட் பள்ளி வண்டிக்குச் சொன்னது ஹெவியில் குறைந்தது 5 வருடம், வேகம், குடிபோதை வழக்கு ஒன்றுகூட இருக்கக் கூடாது என்று. தமிழ்நாட்டில் 2012-ல் தனி விதியும் வந்தது, அதையும் ஆர்.டி.ஓ. ஆபீஸில் ஒரு முறை உறுதி செய்துகொள்ளுங்கள். மே மாதம் வண்டிகளைச் சோதிக்கும்போது டிரைவர் காகிதத்தையும் கேட்பார்கள்.

பஸ்_ஆயா_ஒருத்தி:
நான் இந்த வேலையில் நாலு வருஷம். எல்லோரும் டிரைவரைப் பற்றியே பேசுகிறீர்கள். எனக்கு முதல் ஸ்டாப் 6.50 என்று மெசேஜில் போட்டார்கள். நான் ஷெட்டுக்கு 6.15-க்கு வர வேண்டும் என்று சேர்ந்த பிறகுதான் தெரிந்தது. என் வீடு ரூட்டோட அந்தக் கோடியில். காலையில் எங்க வீட்டுக்காரர் வண்டியில் கொண்டுவந்து விட்டார், சாயங்காலம் கடைசிப் பிள்ளை இறங்கின பிறகு திரும்ப ஷெட்டுக்கு வந்து, அங்கிருந்து டவுன் பஸ் பிடித்து வீட்டுக்குப் போக எட்டாகிவிடும். உங்க ஆயா ஏன் மூன்றே நாளில் போனார் என்று எனக்குக் கேட்காமலே தெரிகிறது. வழியில் ஏறி வழியில் இறங்கலாமா என்று எழுதுங்கள்.

ஆபீஸ்_கோபி:
அக்கா சொன்னது அப்படியே நடந்ததுங்க. ஆர்.சி. பார்த்துவிட்டேன், 42 சீட், 10,200 கிலோ. ஷெட்டிலிருந்து 6.20-க்குக் கிளம்பும், முதல் ஸ்டாப் 6.55, பள்ளிக்கு 8.25. மதியம் எல்கேஜி டிரிப் 12.30 முதல் 1.40 வரை. மாலை 4.05-க்குக் கிளம்பி கடைசி ஸ்டாப் 5.35, ஷெட் 6.10. சம்பளம் டிரைவருக்கு 18,000, ஆயாவுக்கு 9,000, பி.எஃப். பிடித்தம் போக 16,200, 7,920 கைக்கு வரும்.

ஷெட்_சூப்பர்வைசர்:
இப்போதுதான் விஷயம் வெளியே வருகிறது. வேலை நேரம் ஆறரை மணிதான், ஆனால் காலை ஆறு மணிக்கு வந்து வண்டியைப் பார்த்துவிட்டு எடுப்பவர் மாலை ஆறேகாலுக்குத்தான் வீட்டுக்குப் போக முடியும். அந்த இடைவெளியில் அவர் போகலாமா, பள்ளியிலேயே தோட்டவேலை, பிரின்சிபால் கார் என்று பிடித்து வைப்பீர்களா என்பதுதான் டிரைவர்கள் முதலில் பேசிக்கொள்வது. இப்படிப் போடுங்கள்:

"கோபி அருகே பள்ளிப் பேருந்து (42 இருக்கை). டிரைவர் 1, ஆயா 1 தேவை.
டிரைவர்: ஹெவி லைசென்ஸ், ஹெவியில் 5 ஆண்டு ஓட்டியிருக்க வேண்டும், டி.ஆர். தேதி நடப்பில் இருக்க வேண்டும். லைட் லைசென்ஸ் மட்டும் உள்ளவர்கள் அழைக்க வேண்டாம்.
நேரம்: ஷெட்டில் காலை 6.00 முதல் 8.40, மதியம் 12.15 முதல் 1.45, மாலை 3.50 முதல் 6.15. இடைவேளையில் வீட்டுக்குப் போகலாம்.
ஆயா: பெண். வழியில் ஏறி இறங்கலாம்.
சம்பளம்: டிரைவர் 18,000, கைக்கு 16,200. ஆயா 9,000, கைக்கு 7,920. ஒவ்வொரு மாதமும் 5-ஆம் தேதி.
இருவரும் போலீஸ் வெரிஃபிகேஷன் சர்டிபிகேட் தர வேண்டும். லைசென்ஸின் இரண்டு பக்கமும் போட்டோ எடுத்து அனுப்பிவிட்டு அழைக்கவும்."

கடைசி வரிதான் உங்கள் 60 போனை 10 ஆக்கும். ஐந்தாம் தேதி நிஜமாகவே போட முடிந்தால் மட்டும் அதை எழுதுங்கள், ஆயா ஏறும் இடத்தையும் டிரைவரிடம் பேசி முடிவு செய்துவிட்டு.

பஸ்_ஆயா_ஒருத்தி:
ஆனால் பிள்ளை இருக்கும்வரை ஆயா வண்டியில் இருக்க வேண்டும், முதல் ஸ்டாப்புக்கு முன்னாலேயே ஏறி, கடைசிப் பிள்ளை இறங்கி சீட்டுக்கு அடியில் வரை பார்த்த பிறகுதான் இறங்க வேண்டும். ரிவர்ஸ் எடுக்கும்போது கீழே இறங்கி நிற்பதும் எங்கள் வேலைதான். சென்னையில் 2022-ல் பள்ளி வளாகத்துக்குள்ளேயே வேன் மோதி இரண்டாம் வகுப்புப் பையன் இறந்தானே. இதையும் ஒரு வரி எழுதினால் சும்மா உட்கார்ந்து வரலாம் என்று யாரும் வர மாட்டார்கள்.

லோடு_வண்டி_செல்வம்:
7,500 கணக்கு எனக்குத் தெரியாதுங்க, சரி. ஆனால் 18,000-க்கு ஹெவி டிரைவர் வருவார் என்று எனக்கு நம்பிக்கை இல்லை. லாரியில் படி, சாப்பாடு எல்லாம் சேர்த்து இதைவிட அதிகம். வீட்டில் படுக்கணும் என்கிற ஆள்தான் வருவார்.

ஷெட்_சூப்பர்வைசர்:
அந்த ஆள்தான் நமக்கு வேண்டும். 45 வயதுக்கு மேல், லாரி போதும் என்று வீட்டுக்கு வந்தவர்கள். ஆனால் அவர்கள் கேட்கும் அடுத்த கேள்வி மே மாதச் சம்பளம். உண்டா?

ஆபீஸ்_கோபி:
கரஸ்பாண்டென்ட் அரைச் சம்பளம் என்கிறார், முன்பு இருந்த டிரைவருக்கு முழுதாகக் கொடுத்தோம் என்று அக்கவுண்டன்ட் சொல்கிறார். திங்கட்கிழமை பேசிச் சொல்கிறேன் என்றிருக்கிறார். அதுவரை அந்த வரி இல்லாமல் நேற்று ராத்திரி போட்டுவிட்டேன். காலை வரை ஏழு லைசென்ஸ் போட்டோ வந்திருக்கிறது, அதில் மூன்றில் டி.ஆர். முடிந்திருக்கிறது. ஒருவர் NT தேதியில் சிவப்பு வட்டம் போட்டு அனுப்பியிருக்கிறார்.

நைட்_ஷிப்ட்_12:
அண்ணா ரூம் இருக்கா இல்லையா?