கோல் கிக்கில் பந்தைக் கையால் எடுத்துவிட்டான். உங்களுக்கு இப்படி நடந்திருக்கிறதா?

விசில்காரன்

மாவட்ட அளவில் ஜூனியர் கால்பந்து ஆட்டங்களுக்கு விசில் ஊதுகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை நடந்ததை இங்கே கொட்டிவிட்டால்தான் தூக்கம் வரும்.

ஸ்கோர் 1-1. கடைசிப் பத்து நிமிடம், கோல் கிக். கீப்பர் சின்ன பாக்ஸின் வலது மூலையில் பந்தை வைத்தான். பக்கத்தில் நின்ற ஸ்டாப்பருக்குக் காலால் மெல்லத் தட்டினான். ஸ்டாப்பரோ குனிந்து பந்தைக் கையில் எடுத்து, இரண்டடி தள்ளி வைத்து, பின்வாங்கி ஓடிவந்து ஓங்கி உதைத்தான். அவன் கணக்கில், கீப்பர் "நீயே அடி" என்று பந்தை அவனிடம் கொடுத்திருக்கிறான். எதிரணியில் ஒரே ஒரு பையன் கையைத் தூக்கிக் கத்தினான். நான் மறுபடி எடுக்கச் சொல்லிவிட்டேன்.

ஆட்டம் முடிந்ததும் எதிரணிக் கோச் வந்து போனில் ஒரு வீடியோவைக் காட்டினார். 2024 நவம்பர், சாம்பியன்ஸ் லீக், கிளப் புரூகே - ஆஸ்டன் வில்லா. கீப்பர் மார்டினெஸ் கோல் கிக்கை மிங்ஸுக்குத் தட்டுகிறார், மிங்ஸ் பந்தைக் கையால் எடுக்கிறார், பெனால்டி. வனாக்கன் அடித்தார், புரூகே 1-0 வெற்றி. அந்த சீசனின் சாம்பியன்ஸ் லீக்கில் அதுவரை ஒரு கோல்கூட வாங்காத வில்லாவுக்கு அதுதான் முதல் கோல், முதல் தோல்வி. "இதுக்கும் உங்க கோல் கிக்குக்கும் என்ன சார் வித்தியாசம்?" என்றார் கோச். பதில் சொல்ல முடியவில்லை.

பழைய ஸ்டாப்பர்

நீங்கள் செய்தது சரிதான் தம்பி, மனசைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள். கோல் கிக் பெனால்டி பாக்ஸை விட்டு வெளியே போனால்தான் ஆட்டத்துக்குள் வரும். உள்ளேயே யாராவது தொட்டால் மறுபடி எடுக்க வேண்டும். இருபது வருடம் ஆடியவன் சொல்கிறேன்.

டச்லைன் அண்ணாச்சி

அண்ணே, நீங்கள் ஆடிய காலத்துக்கு அது நூற்றுக்கு நூறு சரி. 2019-ல் மாற்றிவிட்டார்கள். இப்போது பந்து உதைக்கப்பட்டு, நகர்ந்தது கண்ணுக்குத் தெளிவாகத் தெரிந்தால் போதும், ஆட்டம் தொடங்கிவிட்டது. பாக்ஸின் கோட்டைத் தாண்ட வேண்டியதில்லை. பழைய விதியில் ஒரு ஓட்டை இருந்தது உங்களுக்கே ஞாபகம் இருக்கும். கீப்பர் தட்டிய பந்தை எதிரணி துரத்தி வந்தால், ஸ்டாப்பர் பாக்ஸுக்குள்ளேயே ஓடிவந்து தொட்டுவிடுவார். மறுபடி கோல் கிக். எத்தனை முறை வேண்டுமானாலும் தப்பிக்கலாம்.

விசில்காரன் சார், அதனால் நீங்கள் கொடுத்தது 2018-ல் சரியான தீர்ப்பு. இன்றைக்கு அது பெனால்டி. ஆனால் ஒன்று கேட்க வேண்டும். கீப்பர் தட்டும்போது பந்து அசையாமல் நின்றதா, உருண்டுகொண்டிருந்ததா? சின்ன பாக்ஸுக்குள் இருந்ததா? இரண்டில் ஒன்று தவறினாலும் அது முறையான கிக்கே இல்லை. அப்போது மறுபடி எடுக்கச் சொல்வதுதான் சரி. நான் முதலில் பார்ப்பது இந்த இரண்டைத்தான். மூன்றாவதாக, கீப்பரின் உடலைப் பார்ப்பேன். வைத்தார், நிமிர்ந்தார், பார்த்தார், தட்டினார் என்றால் அது கிக். நடந்துகொண்டே பந்தைக் காலால் ஒதுக்கினால் அது வெறும் இடமாற்றம்.

விசில்காரன்

நின்றது. கோட்டுக்குள்தான் இருந்தது. நிமிர்ந்து பார்த்துவிட்டுத்தான் தட்டினான். சரி, தப்பு என்னுடையதுதான்.

யாழ்ப்பாணத்தான்

அண்ணா, இது உங்களுக்கு மட்டும் வந்த சங்கடம் இல்லை. அதே 2024 ஏப்ரலில் ஆர்செனல் - பயர்ன் காலிறுதி, லண்டனில். மத்தியஸ்தர் விசில் ஊதியபிறகு ராயா பந்தைத் தட்டினார், கப்ரியேல் கையால் பிடித்து வைத்துத் திரும்ப உதைத்தார். பெனால்டி இல்லை. ஆட்டம் 2-2. பயர்ன் பயிற்சியாளர் டுகெல் பிறகு கொதித்துப்போனார். இவ்வளவு பெரிய உதைபந்தாட்ட மேடையிலேயே ஏழு மாத இடைவெளியில் ஒரே தவறுக்கு இரண்டு விதமான தீர்ப்பு. எங்கள் ஊர் மைதானத்தில் என்றால் ரெண்டு தரப்பும் கல்லெறிந்திருக்கும் :)

செவன்ஸ் பைத்தியம்

நான் கிக்-ஆஃப் கதை சொல்கிறேன், தலைப்புக்குள் வரும் என்று நினைக்கிறேன். போன மழைக்காலம், காற்று எதிர்ப்பக்கத்திலிருந்து எங்கள் கோலை நோக்கி அடித்தது. நடுவட்டத்திலிருந்து எங்கள் ஆள் பந்தைப் பின்னால் நீளமாகக் கீப்பருக்கு அனுப்பினான். ஈரத் தரையில் வழுக்கி வேகம் பிடித்தது. கீப்பர் பாய்ந்தார், பந்து வலைக்குள். எதிரணி கொண்டாட ஆரம்பித்துவிட்டது. ரெஃப்ரி கார்னர் கொடுத்தார்! எங்களுக்கே நம்ப முடியவில்லை. இது எப்படி?

பழைய ஸ்டாப்பர்

கிக்-ஆஃபை முன்னால்தானே தள்ள வேண்டும்? பின்னால் அனுப்பியதே தப்பு.

டச்லைன் அண்ணாச்சி

அதுவும் 2016-ல் போய்விட்டது அண்ணே. இப்போது எந்தத் திசையிலும் அனுப்பலாம். முன்பு ஒருவர் அரையடி முன்னால் தள்ள, பக்கத்தில் நின்றவர் திரும்பிப் பின்னால் கொடுப்பார். அந்தச் சடங்குக்கு இனி அவசியம் இல்லை. உதைப்பவர் மட்டும் தனியாக நிற்கலாம், மற்றவர்கள் தங்கள் பாதியில் இருக்க வேண்டும்.

செவன்ஸ் தம்பி, கார்னர் சரியான தீர்ப்பு. கிக்-ஆஃபிலிருந்து நேராக எதிரணி வலையில் விழுந்தால் கோல். உங்கள் சொந்த வலையில் நேராக விழுந்தால் கோல் கிடையாது, எதிரணிக்குக் கார்னர். கோல் கிக்குக்கும் இதே கணக்குதான். ஆனால் 'நேராக' என்ற சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது. கீப்பரின் விரல் பட்டதா?

செவன்ஸ் பைத்தியம்

கீப்பர் படவில்லை என்கிறார். அவர் கையுறையில் சேறு இருந்தது. எதிரணி ஃபார்வர்டு பந்து திசை மாறியதைப் பார்த்தேன் என்று சாமி மேல் சத்தியம் செய்தான். பட்டிருந்தால்?

டச்லைன் அண்ணாச்சி

பட்டிருந்தால் கோல். ரெஃப்ரி பார்த்ததுதான் கணக்கு, விடுங்கள்.

லெஃப்ட் பேக்

என் பிரச்சினை வேறு. நாங்கள் கோல் கிக் எடுக்கும்போது எதிரணி ஸ்ட்ரைக்கர் வேண்டுமென்றே பெனால்டி பாக்ஸுக்குள் மெதுவாக நடக்கிறான். எங்கள் கீப்பர் அவசரத்தில் எனக்குத் தட்டினார், அவன் குறுக்கே வந்து பறித்து கோல் அடித்துவிட்டான். ரெஃப்ரி கோல் கொடுத்தார். எதிரணி பாக்ஸுக்கு வெளியே இருக்க வேண்டாமா?

விசில்காரன்

இருக்க வேண்டும். அவர்கள் வெளியேற நேரம் கொடுக்காமல் கீப்பர் சீக்கிரமாக எடுத்தால், ஆட்டத்தைத் தொடரவிடலாம். அவசரப்பட்டது உங்கள் கீப்பர் என்றால் கோல் சரி.

லெஃப்ட் பேக்

அவனுக்கு வெளியே போக நேரம் இருந்தது சார். போகவில்லை.

டச்லைன் அண்ணாச்சி

இங்கேதான் எனக்கும் இடிக்கிறது. பந்து ஆட்டத்துக்குள் வரும் முன்பு உள்ளே நிற்பவன் அதைத் தொட்டாலோ போட்டியிட்டாலோ மறுபடி எடுக்க வேண்டும் என்கிறது விதி. பழைய விதியில் அது பொருந்தியது, பந்து பாக்ஸைத் தாண்டும்வரை அவகாசம் இருந்தது. இப்போது உதைத்த நொடியிலேயே பந்து ஆட்டத்துக்குள் வந்துவிடுகிறது. அந்த நொடிக்கு முன்னால் அவன் எப்படிப் பறிப்பான்? வேண்டுமென்றே உள்ளே நின்று லாபம் பார்த்தான் என்று தெரிந்தால் நான் மறுபடி எடுக்கச் சொல்வேன். எழுத்தை மட்டும் பிடித்துக்கொள்ளும் ரெஃப்ரி கோல் கொடுப்பார். அவரைத் தப்பு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

யாழ்ப்பாணத்தான்

எங்கட கழகத்தில் இதற்கு ஒரே வழிதான். அவன் வெளியே போகும்வரை பந்தில் கால் வைக்க மாட்டோம். மத்தியஸ்தர் நேரம் கடத்துகிறீர்கள் என்று எங்களைத்தான் முறைப்பார், அது வேறு கதை.

லெஃப்ட் பேக்

போன வாரம் அதையும் செய்து பார்த்தோம். மஞ்சள் அட்டை எங்கள் கீப்பருக்கு.