இந்தத் தெரு ஆற்றுப் பக்கமா, கடற்கரைப் பக்கமா?

அண்ணாச்சிமாரே, ஒரு உதவி. தாத்தா பெட்டியில் ஊர் பெயர் இல்லாத பழைய தெருப் படம் ஒன்று கிடைத்தது. அம்பாசமுத்திரம் பக்கமா, உவரி, திசையன்விளை பக்கமா என்று பிடிபடவில்லை.

அடிபம்பு இருக்கிறது. அது எல்லா ஊரிலும் உண்டு, துப்பு ஆகாது. ஆனால் பம்படியில் ஆளே இல்லை. பத்தடி தள்ளித் தண்ணீர் லாரி, அதன் பின்னால் குடங்கள் வரிசையாக. பம்பு ரிப்பேரோ என்று பார்த்தேன். கைப்பிடி தேய்ந்து பளபளக்கிறது, மேடையும் ஈரம். அப்போ துவைக்கவும் குளிக்கவும் பம்பு, குடிக்க லாரி. உப்புத் தண்ணீர்தான் போல.

மேடை ஓரம் வெள்ளையாகப் படிந்திருக்கிறது. கடலோரம் இல்லாத ஊரிலும் கடினத் தண்ணீர் இப்படிப் படியுமே, அதுதான் குழப்பம். கோடை என்றால் ஆற்றுப் பக்கமும் லாரி வந்திருக்கலாம். வேறு எதைப் பார்த்துப் பிரிப்பது?