ஒரே லேபிள், ஒரே லாரி, இரண்டு கெமிக்கல்: இறக்கும்போது கசிந்த டிரம்

கிடங்கு_மேற்பார்வை:
எங்கள் கிடங்கில் நடந்ததைச் சொல்கிறேன், உங்களுக்கும் இப்படி நடந்திருந்தால் எழுதுங்கள். லாரியிலிருந்து பாலெட்டை எடுக்கும்போது ஃபோர்க்லிஃப்டின் ஒரு முனை 200 லிட்டர் பிளாஸ்டிக் டிரம் ஒன்றின் அடிப்பக்கம் குத்திவிட்டது. திரவம் ஒழுகியது, மேலே வெள்ளைப் புகை. டிரம்மில் சாய்சதுர லேபிள், கீழ்ப்பாதி கறுப்பு, மேலே கையும் இரும்பும் அரிக்கிற படம், எண் 8. "ஆசிட்தான், மணலைப் போடுங்கள்" என்று ஒருவர் கத்தினார். அதே லாரியில் பக்கத்து பாலெட்டிலும் இதே 8 லேபிள் டிரம்கள் இருந்ததால், எல்லாம் ஒரே சரக்கு என்றே எல்லோரும் நினைத்தார்கள். நான் தள்ளி நின்று லேபிளில் இருந்த நான்கு இலக்க எண்ணைப் பார்த்தேன். ஒழுகிய டிரம்மில் யூஎன் 1789, அதாவது ஹைட்ரோகுளோரிக் அமிலம். பக்கத்தில் இருந்தவை யூஎன் 1791, ஹைப்போகுளோரைட் கரைசல், துணி வெளுக்கவும் தண்ணீர் சுத்திகரிக்கவும் வருகிற அதே சரக்கு. இந்த இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும். படம் ஒன்றுதான், ஆனால் ஒன்றையொன்று தொடவே கூடாத சரக்கு. இரண்டையும் ஒரே லாரியில் ஏற்றி அனுப்பியது யார் என்பது தனிக் கதை.

முதலில் ஆட்களை வெளியேற்றினோம், எல்லாப் பக்கமும் ஐம்பது மீட்டருக்கு. காற்று வருகிற பக்கமாகத்தான் போகச் சொன்னேன். லாரி டிரைவர் கேபினிலேயே உட்கார்ந்து போனில் பேசிக்கொண்டிருந்தார், அவரை இறக்கியது தனி வேலை.

பழைய_டிரைவர்:
டிரைவரைக் குறை சொல்லாதீங்க சார். என்ன ஏத்தினாங்கன்னு எங்களுக்கு யார் சொல்றா? நான் ஒருமுறை ஆயில் டிரம் ஒழுகி முழங்காலளவு மரத்தூள் கொட்டித்தான் இறக்கினேன், ஒண்ணும் ஆகலை. மரத்தூள் எல்லாத்தையும் குடிச்சிடும்.

ரசாயனப்_பாதுகாப்பு:
அண்ணே, ஆயிலுக்கு அது சரி. நைட்ரிக் அமிலத்தின் மேல் மரத்தூளைப் போட்டால் பழுப்புப் புகை கிளம்பும், தானாகவே தீப்பிடிக்கவும் கூடும். அமிலத்துக்கும் ஹைப்போவுக்கும் காய்ந்த மணல் அல்லது வெர்மிகுலைட் போதும், எரியாத பொருள் எதுவாக இருந்தாலும் சரி.

மேற்பார்வை எழுதியதில் எனக்கு முக்கியமாகப் படுவது, அமிலம் ஹைப்போவை நோக்கி ஓடியதா, வடிகாலை நோக்கி ஓடியதா என்பதுதான். திரவத்தின் மேலேயே மணலைக் கொட்டுவதைவிட, அது போகிற பாதைக்கு முன்னால் கரை கட்ட வேண்டும். வடிகாலில் இரண்டும் போய்ச் சேர்ந்தால், குளோரின் காற்றைவிட ஏறத்தாழ இரண்டரை மடங்கு கனம் என்பதால் பள்ளத்திலும் கால்வாயிலும் தங்கிவிடும். நுழைவாயிலில் நிற்பவருக்கு வாடை தெரியாமலே கீழே போனவர் மாட்டிக்கொள்வார்.

கிடங்கு_மேற்பார்வை:
தரை சரிவு வடிகால் பக்கம்தான். அதனால் முதலில் வடிகால் மூடியின் மேல் ரப்பர் விரிப்பு, அப்புறம் லாரியின் பின்சக்கரத்தைச் சுற்றி மணல் கரை. இரண்டு பேர்தான் உள்ளே போனார்கள், ரசாயன உடுப்பு, கையுறை, அமில ஆவிக்கான வடிகட்டி உள்ள முழு முகமூடி போட்டு. சாதாரணத் தூசி முகமூடி இதில் ஒரு காசுக்கும் உதவாது. ஹைப்போ பாலெட்டுகளை நாங்கள் தொடவே இல்லை, அமிலம் ஓடிக்கொண்டிருக்கும்போது நகர்த்தப் போனால் இன்னொன்றும் உடையும்.

புதுசு_சேஃப்டி:
தண்ணீர் அடித்துக் கழுவிவிட்டால் சுலபமாக முடிந்திருக்குமே? அமிலம் நீர்த்துப்போகும்.

ரசாயனப்_பாதுகாப்பு:
உடம்பில் பட்டால் தண்ணீர்தான், குறைந்தது 15 நிமிடம், அதில் நீங்கள் சொல்வது சரி. தரையில் ஊற்றினால் 100 லிட்டர் 1000 லிட்டராகி மணல் கரையைத் தாண்டும். ஓட்டம் நின்ற பிறகு சோடா சாம்பலை ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் தூவலாம். நுரைக்கும், சூடாகும், அவசரப்பட்டால் முகத்தில் தெறிக்கும்.

ஃபோர்க்_ஓட்டுநர்:
எனக்கு ஒரு சந்தேகம். முனை டிரம்முக்குள்ளே இருக்கும்போது வெளியே இழுக்கவா, அப்படியே விட்டுட்டு ஓடவா? இழுத்தா ஓட்டை பெருசாகி மொத்தமும் கொட்டுது. இழுக்காம விட்டா வண்டி ஆசிட்டில் ஊறுது.

கிடங்கு_மேற்பார்வை:
நம்ம ஆள் இன்ஜினை நிறுத்திட்டு இறங்கி ஓடிட்டார், அது நல்லது. பிறகு உடுப்பு போட்டவர்கள் முனையை எடுத்து, டிரம்மை ஓட்டை மேலே வரும்படி உருட்டினார்கள், ஒழுகல் நின்றது. பாதிக்கு மேல் நிறைந்த டிரம்மில் இது எளிதில்லை.

ரசாயனப்_பாதுகாப்பு:
நான் முனையை எடுக்கவே விடமாட்டேன், மிச்சம் பெரிய மீட்பு டிரம்முக்கு மாறும்வரை. இதில் எங்கள் துறையிலேயே ஒத்த கருத்து இல்லை.

பழைய_டிரைவர்:
சரி, அந்த மணலை என்ன பண்ணினீங்க? குப்பையிலயா?

கிடங்கு_மேற்பார்வை:
பிளாஸ்டிக் டிரம்மில் அள்ளி, அமிலம் ஊறிய மணல் என்று எழுதி ஒட்டி, அபாயக் கழிவு எடுக்கிறவர்களிடம் கொடுத்தோம். சோடா சாம்பல் சேர்த்திருந்ததால் அன்றைக்கு மூடியை இறுக்கவில்லை. வாயு வந்துகொண்டே இருந்தது, இறுக்கியிருந்தால் டிரம் உப்பிவிடும்.