காரைக்குடியில் நான்கு குடியிருப்புகள்: மேலாளரிடம் விடுவதா, நாமே பார்த்துக்கொள்வதா?

சிங்கையில் இருக்கும் மூத்தவன்: அழகப்பா பல்கலைக்கழகத்தின் பக்கம் அப்பா கட்டிய நான்கு குடியிருப்புகள், ஒவ்வொன்றும் மாதம் 9,000 ரூபாய் வாடகைக்கு விடப்பட்டிருக்கின்றன. அப்பா காலமான பிறகு அம்மா தனியாகப் பார்த்து வருகிறார். உள்ளூரில் ஒருவர், வாடகையில் நூற்றுக்கு எட்டும், புதிதாக ஆள் வைக்கும்போது ஒரு மாத வாடகையும் கொடுத்தால் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்வதாகச் சொல்கிறார். ஒப்படைக்கலாமா?

காரைக்குடி கல்லுக்கட்டிப் பகுதியைச் சேர்ந்த ஓய்வுபெற்ற வங்கி அலுவலர்: வேண்டாம் என்பதே என் கருத்து. பதினொரு ஆண்டுகளாக ஆறு போர்ஷன்களை நானே பார்த்து வருகிறேன். ஆண்டுக்கு நாற்பது முறையாவது போய்வர நேர்கிறது என்றாலும், அவற்றில் வாடகைக்காகப் போனது மிகக் குறைவு. மோட்டார் ஓடவில்லை, சாக்கடை அடைத்துக்கொண்டது, மொட்டைமாடித் தொட்டி வழிகிறது என்பவைதான் மீதமெல்லாம். வாடகை இப்போது கைப்பேசி வழியாகவே கணக்கில் விழுந்துவிடுகிறது. மோட்டாருக்கு ஒரு எலக்ட்ரீசியனின் எண் இருந்தால் போதும். நான்கு வீடுகளின் ஆண்டு வாடகை 4,32,000 ரூபாய். அதில் எட்டு சதவீதம் 34,560. ஆண்டில் இரண்டு வீடுகளில் ஆள் மாறினால் இன்னும் 18,000 சேரும். எட்டு என்று சொல்லப்படுவது உண்மையில் பன்னிரண்டைத் தாண்டுகிறது.

தேவகோட்டை இளைஞர்: அந்தச் செலவைக் கண்டு தயங்க வேண்டியதில்லை. மேலாளருக்குக் கொடுக்கும் கட்டணத்தை வருமான வரியில் கழித்துக்கொள்ளலாம். மேலும் 2017ஆம் ஆண்டின் வாடகைச் சட்டப்படி ஒப்பந்தத்தைப் பதிவு செய்ய வேண்டும். அந்த அலைச்சலையும் அவரே ஏற்றுக்கொள்வார்.

சென்னையில் வசிக்கும் செஞ்சைப் பெண்: தம்பி சொன்னதில் பாதி சரி. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், `tenancy.tn.gov.in` வழியாக அதைப் பதிவு செய்ய வேண்டும் என்பது உண்மைதான். வரி பற்றிச் சொன்னது மட்டும் பிழை. வீட்டு வாடகை வருமானத்தில் செலுத்திய சொத்து வரியைக் கழித்த பிறகு, மீதித் தொகையில் முப்பது சதவீதத்தை எல்லோருக்கும் ஒரே அளவாகக் கழிக்கிறார்கள். நீங்கள் மேலாளர் வைத்தாலும் வைக்காவிட்டாலும் அது கூடுவதும் இல்லை, குறைவதும் இல்லை. ஆகவே அந்தக் கட்டணம் முழுவதும் உங்கள் கையிலிருந்தே போகிறது.

ஆனால் வங்கி ஐயாவோடும் எனக்கு முழு உடன்பாடு இல்லை. அவர் தன் வீடுகள் இருக்கும் ஊரிலேயே குடியிருப்பவர். கேட்டவர் கடல் கடந்து இருப்பவர். இரவு பதினொரு மணிக்குத் தண்ணீர் வரவில்லை என்று குடித்தனக்காரர் கதவைத் தட்டப்போவது அம்மாவின் வீட்டில்தான். நாமே பார்த்துக்கொள்வது என்று நீங்கள் சொல்வதை அங்கே செய்யப்போகிறவர் அவர்.

பள்ளத்தூர் ஆச்சி: எங்கள் வளவு வீட்டைப் பார்த்துக்கொள்ளவும் ஓர் ஆள் வைத்திருக்கிறோம். பங்காளிகள் ஏழு பேர் பங்கு போட்டுத்தான் அவருக்குச் சம்பளம் கொடுக்கிறோம். மாதம் ஒருமுறை திறந்து கூட்டி, மழைக்காலத்தில் ஓடு பார்த்து வைப்பார். இதுவரை ஒரு குறையும் இல்லை. நம்பிக்கையான ஆள் கிடைத்தால் தயங்காமல் வையுங்கள், அப்பச்சி.

செஞ்சைப் பெண்: ஆச்சி, உங்கள் வீடு பூட்டிக் கிடக்கும் வீடு, அதைப் பார்த்துக்கொள்பவர் கையில் பணம் புழங்குவதில்லை. இங்கே மாதந்தோறும் வாடகையும், காலி செய்யும்போது முன்பணமும் கைமாறுகின்றன. என் அனுபவத்தைச் சொல்கிறேன். மூன்று குடியிருப்புகளை ஒருவரிடம் ஒப்படைத்திருந்தேன். அவற்றில் ஒன்று மூன்று மாதமாகக் காலியாக இருக்கிறது, ஆள் தேடிக்கொண்டிருக்கிறேன் என்று அவர் சொல்லி வந்தார். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வரும் மின்கட்டணமும் பூஜ்யமாகவே இருந்ததால் நானும் நம்பினேன். பிறகு ஒரு நாள் தொகையை விட்டுவிட்டு யூனிட்டைப் பார்த்தேன். 84 யூனிட் ஓடியிருந்தது. முதல் நூறு யூனிட் இலவசம் என்பதால் பில்லில் காசு விழவில்லை. காலி வீட்டில் அவ்வளவு மின்சாரம் ஓடாது. நேரில் போய்ப் பார்த்தபோது உள்ளே ஒரு குடும்பம் இருந்தது. முன்பணமும் கொடுத்திருந்தார்கள், வாடகையும் கொடுத்து வந்தார்கள்.

அதனால் வாடகை நேராகக் கணக்குக்கு வந்தால் போதும் என்பது முழுக் காவல் ஆகாது. காலி என்று சொல்லப்படும் வீட்டுக்கு வாடகையே வராது அல்லவா? மின் இணைப்பு எண்களை உங்களிடமே வைத்துக்கொண்டு, ஒவ்வொரு கணக்கெடுப்பிலும் யூனிட்டைப் பாருங்கள்.

வங்கி அலுவலர்: அம்மாவின் சுமை பற்றி நீங்கள் சொன்னதை ஏற்கிறேன், அதை நான் எண்ணிப் பார்க்கவில்லை. ஆயினும் என் அச்சம் வேறு இடத்தில் இருக்கிறது. ஆள் மாறும்போதெல்லாம் ஒரு மாத வாடகை அவருக்குக் கிடைக்கும் என்றால், இருப்பவரைத் தக்கவைப்பதில் அவருக்கு என்ன அக்கறை இருக்கும்? பல்கலைக்கழகம் பக்கத்தில் படிப்பு முடிந்ததும் காலி செய்துவிட்டுப் போகும் மாணவர்களை வைத்தால் அவருக்கு லாபம். ஐந்து ஆண்டு இருக்கக்கூடிய குடும்பத்தை வைத்தால் உங்களுக்கு லாபம். மாதம் இரண்டாயிரம் ரூபாய் என்று நிலையான தொகை பேசி, வீட்டைப் பார்த்துப் பழுது கவனிக்க ஒருவரை வையுங்கள். ஆள் பிடிப்பதைத் தரகரிடம் தனியாக விடுங்கள்.

செஞ்சைப் பெண்: நிலையான தொகை வாங்குபவருக்கு வீடு காலியாகக் கிடந்தாலும் அதே இரண்டாயிரம்தான். நான் இப்போது வாடகை வந்த மாதத்துக்கு மட்டும் சதவீதம் கொடுக்கிறேன். புதிய ஆளுக்கு அரை மாத வாடகை; அந்த ஆள் பதினொரு மாதத்துக்குள் காலி செய்தால் அடுத்தவரை வைப்பதற்குக் கட்டணம் இல்லை. பழுது 2,000 ரூபாய்க்கு மேல் போனால் என்னைக் கேட்க வேண்டும், முன்பணம் என் கணக்கில்தான் இருக்கும் என்றும் எழுதி வாங்கியிருக்கிறேன். பொது அதிகாரப் பத்திரம் மட்டும் எவருக்கும் எழுதிக் கொடுக்காதீர்கள். வாடகை வாங்க ஒரு கடிதம் போதும். அந்தப் பத்திரத்தில் விற்கும் உரிமையும் சேர்ந்து போய்விடக்கூடும்.

இன்னொன்று கேட்க வேண்டும். வீடுகள் யார் பெயரில் இருக்கின்றன?

மூத்தவன்: இரண்டு அம்மாவின் பெயரில், இரண்டு என் பெயரில்.

செஞ்சைப் பெண்: அப்படியானால் உங்கள் பெயரில் உள்ள இரண்டும் தனிக் கணக்கு. வெளிநாட்டில் வசிப்பவருக்கு வாடகை கொடுப்பவர், தொகை சிறியதானாலும், முப்பது சதவீத வரியும் அதன் மேல் செஸ்ஸும் பிடித்துக் கட்ட வேண்டும். ஒன்பதாயிரத்தில் அது 2,808 ரூபாய். அதைக் கட்டக் குடித்தனக்காரர் தனியாக ஓர் எண் வாங்க வேண்டும். காரைக்குடியில் ஒன்பதாயிரம் ரூபாய் வாடகைக்கு வருகிறவரிடம் இதைச் சொன்னால் அடுத்த வீட்டைப் பார்க்கப் போய்விடுவார். வாடகையை மேலாளர் வாங்கி அனுப்பினாலும் அந்தக் கடமை மறைவதில்லை. உங்கள் வருமானம் வரிவரம்புக்குள் இருந்தால் கணக்குத் தாக்கல் செய்து திரும்பப் பெறலாம். குறைந்த விகிதத்தில் பிடிக்க முன்கூட்டியே சான்றிதழும் கேட்கலாம்.

தேவகோட்டை இளைஞர்: அந்த இரண்டையும் அம்மாவின் பெயருக்கு மாற்றிவிட்டால் இந்தத் தொல்லையே இராதே?

வங்கி அலுவலர்: மாற்றுவதற்குத் தானப் பத்திரப் பதிவுச் செலவு ஆகும். பின்னாளில் வாரிசு என்று வரும்போது உடன்பிறந்தவர்களுக்கும் அதில் பங்கு வரும். வாடகைக்காக அதைச் செய்வது எனக்குச் சரியாகப் படவில்லை.

மூத்தவன்: அம்மாவிடம் பேசினேன். ஆள் வைப்பதற்கு அவர் சம்மதிக்கிறார். குடிவருபவரைப் பார்த்து முடிவு செய்வது மட்டும் தன்னிடமே இருக்க வேண்டும் என்கிறார். அரை மாதக் கட்டணம், பதினொரு மாத நிபந்தனை என்று கேட்டுப் பார்த்தேன். அந்த உள்ளூர்க்காரர் அரை மாதத்துக்கு ஒப்புக்கொண்டு, நிபந்தனைக்கு மறுக்கிறார். அம்மா தேர்ந்தெடுக்கும் ஆளுக்குத் தான் எப்படிப் பொறுப்பேற்க முடியும் என்பது அவருடைய வாதம்.

செஞ்சைப் பெண்: அவர் கேட்பதில் நியாயம் இருக்கிறது. என் வீடுகளில் ஆளைத் தேர்ந்தெடுப்பவரும் என் மேலாளரேதான்.