புதுப்பிப்பு: மேற்செலவைப் பிரித்துப் பார்த்ததில் வந்த கணக்கு

முன்பு கேட்டது: "மெஷின் மணிக்கணக்கில் மேற்செலவைப் பிரித்தால் சின்ன ஆர்டர்கூட லாபமாகத் தெரிகிறதே, நம்பலாமா?"

நம்பக்கூடாது. மொத்த மேற்செலவு, அதாவது எந்த ஒரு பொருளுக்கும் நேராகச் சேராத பொதுச்செலவு, 6,00,000. அ என்ற பொருள் 9,000 உருப்படி, ஆ என்ற சின்ன ஆர்டர் பொருள் 1,000. இரண்டிலும் உருப்படிக்கு அரை மணி மெஷின் நேரம். 5,000 மணிக்குப் பிரித்தால் மணிக்கு 120, ஆக எதுவானாலும் உருப்படிக்கு 60.

இப்போது வேலைவாரியாக. மெஷின் ஓட்டத்துக்கு 3,00,000 (மணிக்கு 60). ஆர்டருக்கு ஆர்டர் மெஷினைத் தயார்செய்யும் செட்டிங்குக்கு 1,80,000, 30 முறையில் ஆ மட்டும் 20. சோதனைக்கு 1,20,000, 60 முறையில் ஆ 40. கூட்டினால் உருப்படிக்கு அ-வுக்கு 41.11, ஆ-வுக்கு 230. ஆ-வின் நேரடிச் செலவு 70, விற்பது 150. இருபது லாபம் என்று நினைத்தது 150 நஷ்டம்.

"ஆள் மணிக்கணக்குக்கு மாறினால் போதும்" என்றார் ஒருவர். போதாது, அதுவும் உற்பத்தி அளவோடுதான் ஏறும், செட்டிங்கோ ஆர்டரோடு ஏறுகிறது. இன்னொருவர் தன் பட்டறையில் இரண்டு முறையும் ஒரே விடை என்றார். ஒரே பொருள் செய்கிறவருக்கு வேறெப்படி வரும்!

"ஆ-வை நிறுத்துங்கள்" என்பது பாதி சரி. நிறுத்தினாலும் செட்டிங் ஆளின் சம்பளம் குறையாது. ஆர்டரைப் பெரிதாக்கி 20 செட்டிங்கை 8 ஆக்குவதை முதலில் பார்க்கலாம்.

செலவு மேலாளர் ஒருவர் சுட்டியது முக்கியம்: அந்த ஆளால் 40 செட்டிங் முடியும். அப்படியென்றால் ஒன்றுக்கு 6,000 அல்ல, 4,500; ஆ 200-க்கு இறங்குகிறது. மிச்சம் 45,000 சும்மா இருந்த நேரத்தின் விலை. அதை விலையில் ஏற்றலாமா என்பதில் இன்னும் ஒத்துப்போகவில்லை.