ஏரிக்கு அடியில் இருக்கும் ஊர்: ஹீரைத் என்றால் என்னவென்று உங்களுக்குப் புரிந்தது எப்போது?

பாலா பக்கத்திலிருந்து

வடக்கு வேல்ஸில் பாலா என்ற சிறிய ஊருக்குப் பக்கத்தில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கிறேன். ஹீரைத் என்ற வெல்ஷ் சொல் வந்த புதிதிலேயே காதில் விழுந்துவிட்டது. கோப்பை, சாவிக்கொத்து, தலையணை உறை என்று கடைகளில் எதை எடுத்தாலும் அந்தச் சொல் இருக்கும். பழைய நாட்களை நினைத்து ஏங்கும் நாஸ்டால்ஜியாவுக்கு இவர்கள் வைத்திருக்கும் பெயர் போல என்று நினைத்துக்கொண்டேன். அப்படியில்லை என்று புரிந்தது 2022 ஆகஸ்டில்தான்.

எங்கள் இல்லத்தில் ஒரு பாட்டி இருந்தார். அப்போது வயது 76. பிறந்தது கப்பெல் கெலின் என்ற கிராமம். ட்ரவெரின் ஆற்றுப் பள்ளத்தாக்கில் ஒரு பள்ளிக்கூடம், தபால் நிலையம், தேவாலயம், அதை ஒட்டிக் கல்லறைத் தோட்டம், 12 வீடுகளும் பண்ணைகளும். ஊர் முழுக்க வெல்ஷ் மொழிதான். லிவர்பூலுக்குத் தண்ணீர் வேண்டியிருந்தது. உள்ளூர் நிர்வாகத்திடம் அனுமதி கேட்கத் தேவையில்லாதபடி நேராகப் பாராளுமன்றத்துக்கே போய் 1957-இல் சட்டம் வாங்கிவிட்டார்கள். வேல்ஸின் எம்.பி.க்கள் 36 பேரில் ஒருவர்கூட அதை ஆதரித்து வாக்களிக்கவில்லை. 1965 அக்டோபரில் திறப்பு விழா நடந்தது. ஊர் இருந்த இடத்தில் இப்போது லின் கெலின் ஏரி.

பாட்டியிடம் ஒரு பள்ளிக்கூடப் புகைப்படம் இருந்தது. அதை மடியில் வைத்துக்கொண்டால் முகம் மலர்ந்துவிடும். இவன் என் ஜடையை மைப்புட்டியில் முக்கினான், இவள் பாட்டுப் போட்டியில் வரியை மறந்தாள் என்று வாய்விட்டுச் சிரிப்பார். இதற்கு அவர்கள் மொழியில் 'ஹெல் அத்கோவியோன்' என்பார்கள், நினைவுகளைப் பொறுக்கிச் சேர்ப்பது என்ற பொருளில். அரை மணி நேரம் சிரித்துவிட்டு, படத்தை மூடிவிட்டுத் தேநீர் கேட்பார். நான் அறிந்த நாஸ்டால்ஜியா அதுதான். அதுவரைதான் அவரை எனக்குத் தெரியும்.

அந்தக் கோடையில் மழையில்லாமல் ஏரி வற்றியது. பழைய சுவர்களின் கோடும் மரங்களின் அடிக்கட்டையும் வெளியே தெரிகின்றன என்று செய்தி வந்தது. பார்க்க வேண்டும் என்றார். என் விடுமுறை நாளில் காரில் அழைத்துப் போனேன். கரையோரச் சேறு காய்ந்து பாளம் பாளமாக வெடித்திருந்தது. ஊன்றுகோலோடு பத்தடி இறங்கினார். நான் எதிர்பார்த்த மாதிரி அழவில்லை, எதையும் சுட்டிக்காட்டவில்லை. வீடுகளையெல்லாம் தண்ணீர் விடுமுன்பே இடித்துவிட்டார்களாம், அதனால் எந்தச் சுவர் யாருடையது என்று அவருக்கே பிடிபடவில்லை. தப்பான வீட்டுக்குள் வந்துவிட்டவர் மாதிரி நின்றார்.

அப்புறம் கரையிலிருக்கும் நினைவுத் தேவாலயத்துக்குப் போனோம். ஊர்க் கல்லறைத் தோட்டத்திலிருந்து எட்டு உடல்களை மட்டும்தான் வேறு இடத்துக்கு மாற்றினார்கள். மற்றவர்களை அங்கேயே விட்டு மேலே கான்கிரீட் போட்டுவிட்டார்கள். பெயர் வெட்டிய கற்கள் சில மட்டும் மேலே வந்தன. அதில் ஒரு கல்லைக் கையால் தடவினார். "பெயர் இங்கே இருக்கிறது, நைன் அங்கே இருக்கிறாள்" என்று தண்ணீரைக் காட்டினார். வடக்கு வேல்ஸில் பாட்டியை நைன் என்பார்கள்.

திரும்பும்போது அவர் சொன்ன ஒரே வாக்கியம், "ஹீரைத் என்மேல் இருக்கிறது." உங்களில் யாருக்காவது இப்படி நேரில் பார்த்த அனுபவம் உண்டா?

ஸ்வான்ஸீ மாணவன்

அக்கா, படிக்கும்போதே தொண்டை அடைத்துவிட்டது. நான் படித்த வரைக்கும், ஹீரைத் என்றால் ஒருபோதும் இல்லாத வீட்டுக்காக ஏங்குவது, வேறு எந்த மொழியிலும் அதற்குச் சொல் கிடையாது. அப்படியானால் உங்கள் பாட்டிக்கு இருந்தது ஹீரைத் ஆகுமா? அந்த ஊர் நிஜமாகவே இருந்ததே.

எனக்கு இங்கே வந்த முதல் மாதம் அம்மா வைக்கும் வற்றல் குழம்பு ஞாபகம் வந்து தூக்கமே வரவில்லை. அதையெல்லாம் ஹீரைத் என்று சொல்லக் கூடாதுதானே?

கார்டிஃப் மருமகள்

தாராளமாகச் சொல்லலாம் தம்பி. என் கணவர் குடும்பம் வீட்டில் வெல்ஷ்தான் பேசும், பதினோரு வருடமாக அவர்களோடு இருக்கிறேன். "இல்லாத வீட்டுக்கான ஏக்கம்" என்பது ஆங்கிலத்தில் எழுதுகிறவர்கள் கட்டிய அழகான விளக்கம். அதில் பாதி உண்மை இருக்கிறது. ஆனால் வீட்டுக்குள் அந்தச் சொல் புழங்குவதைக் கேட்டால் அவ்வளவு பூடகமாக இருக்காது. என் மகன் பள்ளி முகாமுக்குப் போய் இரண்டாம் நாள் இரவு அழுதான். ஆசிரியை போனில் சொன்னது, "அவனுக்குக் கொஞ்சம் ஹீரைத், வேறொன்றுமில்லை." மாமியார் இறந்தபோது வந்த அட்டைகளிலும் அதே சொல்தான். அங்கே அதன் பொருள் பிரிவுத் துயரம். குழம்பு, முகாம், மரணம், மூழ்கிப்போன ஊர், எல்லாவற்றுக்கும் ஒரே சொல்லை வைத்திருக்கிறார்கள். அந்த அகலத்தை விட்டுவிட்டு ஒரு முனையை மட்டும் எடுத்துக் கோப்பையில் அச்சடிக்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

இன்னொன்று. பாலா அக்கா எழுதிய "என்மேல் இருக்கிறது" என்பது பாட்டி கவித்துவமாகச் சொன்னதில்லை, வெல்ஷ் இலக்கணமே அப்படித்தான். சளியும் பசியும் பயமும்கூட ஆள்மேல்தான் இருக்கும். நாமும் "நான் பசிக்கிறேன்" என்பதில்லையே, "எனக்குப் பசிக்கிறது" என்கிறோம். வருவதும் போவதும் அதன் இஷ்டம், நாம் அது வந்து உட்காரும் இடம் மட்டும்தான். "உன் படம் என்மேல் ஹீரைத்தை எழுப்பிவிட்டது" என்றும் சொல்வார்கள். வகுப்பில் எத்தனையோ மாதம் படித்தும் ஏறாதது, தமிழ் வாக்கியத்தை மனதில் வைத்துக்கொண்ட பிறகு எனக்கு ஒரே நாளில் ஏறியது.

மேட்டூர்க்காரர்

எங்கள் கதையும் இதேதான். 1934-இல் மேட்டூர் அணை கட்டி முடித்தபோது மூழ்கிய ஊர்களில் ஒன்று எங்கள் கொள்ளுத்தாத்தாவின் ஊர். நீர்மட்டம் இறங்கினால் பண்ணவாடி பக்கம் நந்தி சிலை தெரியும், பழைய தேவாலயத்தின் கோபுரமும் தெரியும். சின்ன வயதில் அப்பா கூட்டிக்கொண்டு போவார். நந்தி தெரிந்தால் ஊரே பார்க்கப் போகும், கூடவே தண்ணீர் இல்லையே, பாசனத்துக்கு என்ன செய்வது என்ற கவலையும் ஓடும். நந்தி மூழ்கினால் விவசாயிக்கு நிம்மதி. எங்கள் வீட்டில் இரண்டும் கலந்தேதான் பேசுவோம்.

நான் அந்த ஊரில் ஒரு நாளும் வாழ்ந்ததில்லை. ஆனாலும் நந்தியைப் பார்க்கும்போது நெஞ்சில் ஏதோ பண்ணும். அது ஹீரைத்தா?

பழைய புத்தகக்காரர்

அண்ணா, உங்கள் கேள்விக்கு முன்னால் நாஸ்டால்ஜியா எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன், அங்கேதான் விஷயம் பிரிகிறது. அந்தச் சொல் கிரேக்கர்கள் புழங்கியது இல்லை. 1688-இல் பாஸல் நகரத்தில் யோஹன்னஸ் ஹோஃபர் என்ற 19 வயது மருத்துவ மாணவர் தன் ஆய்வுக்காக, வீடு திரும்புதலையும் வலியையும் குறிக்கும் இரண்டு கிரேக்கச் சொற்களை ஒட்டிச் செய்தது. அவருக்கு அது நோயின் பெயர். தூக்கமின்மை, பசியின்மை, காய்ச்சல், படபடப்பு. அவர் எழுதிய நோயாளிகளில் ஒருவர் பெர்ன் நகரத்திலிருந்து பாஸலுக்குப் படிக்க வந்த இளைஞர். சாகக் கிடந்தார். கடைசியில் ஊருக்கே கொண்டுபோய்விடலாம் என்று முடிவு செய்தார்கள். ஏற்பாடு நடக்கிறது என்று தெரிந்ததுமே மூச்சு சீரானது. பெர்ன் போய்ச் சேருமுன்பே தேறிவிட்டார்.

ஆக, முதலில் நாஸ்டால்ஜியா என்பதும் இடத்துக்கான ஏக்கம்தான். அதற்கு மருந்தும் இருந்தது: வண்டியில் ஏற்றி ஊருக்கு அனுப்புவது. பின்னாளில்தான் அது இடத்தை விட்டுக் காலத்தைப் பிடித்துக்கொண்டு, பழைய பாட்டு, பழைய மிட்டாய் என்று இனிப்பாகிவிட்டது. பாலா அக்காவின் பாட்டியை எந்த வண்டியில் ஏற்றுவது? ஹோஃபரின் மருந்து வேலை செய்யாத இடத்தில்தான் ஹீரைத்தின் கடுமையான முகம் இருக்கிறது என்பது என் எண்ணம்.

மேட்டூர் அண்ணா, வாழாத ஊருக்கு ஹீரைத் வராது என்றே நினைக்கிறேன். உங்களுக்கு இருப்பது அப்பாவின் ஏக்கத்தின் மீதுள்ள பாசம்.

கார்டிஃப் மருமகள்

இதை ஒத்துக்கொள்ள முடியவில்லை. வேல்ஸில் அபரிஸ்ட்வித் என்ற ஊருக்குத் தெற்கே, சாலையோரத்தில் ஓர் இடிந்த வீட்டின் சுவர் நிற்கிறது. "ட்ரவெரினை நினைவில் வையுங்கள்" என்று 1960-களில் ஒருவர் வெள்ளைப் பெயின்டில் எழுதினார். 2019-இல் அந்தச் சுவரின் ஒரு பகுதியை யாரோ இடித்துத் தள்ளினார்கள். மறுநாளே இளைஞர்கள் வந்து கற்களை அடுக்கிக் கட்டினார்கள், அதே வாசகம் வேல்ஸ் முழுக்கச் சுவர்களில் ஏறியது. எழுதியவர்களில் பெரும்பாலோர் 1965-க்குப் பல வருடம் கழித்துப் பிறந்தவர்கள். என் நாத்தனார் மகளும் எழுதப் போனாள். கேட்டால் ஹீரைத் என்றுதான் சொன்னாள். அவள் மொழியில் அவள் சொல்வதை நான் எப்படி இல்லை என்பேன்?

பழைய புத்தகக்காரர்

அதில் கோபம் அதிகம், ஏக்கம் குறைவு என்று எனக்குத் தோன்றுகிறது. ஆனால் அவள் முகத்தைப் பார்த்தவர் நீங்கள், நான் இல்லை.

ஸ்வான்ஸீ மாணவன்

லிவர்பூல்காரர்கள் மன்னிப்புக் கேட்டார்களா அக்கா?

பாலா பக்கத்திலிருந்து

கேட்டார்கள் தம்பி. 2005-இல் நகர மன்றம் எழுத்தில் வருத்தம் தெரிவித்தது. பாட்டியிடம் அதைப் பற்றிக் கேட்டிருக்கிறேன். "நல்லது" என்றார், அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

மேட்டூர் அண்ணா கேட்டதற்கு எனக்குப் பதில் தெரியவில்லை. ஆனால் கார்டிஃப் அக்கா சொன்ன இலக்கணத்தோடு இன்னொன்றைச் சேர்க்கலாம். வெல்ஷில் வீட்டை நோக்கிப் போவதற்கு 'அத்ரெவ்', வீட்டில் இருப்பதற்கு 'கார்த்ரெவ்'. நம் வீட்டுக்கு, வீட்டில் மாதிரி. பாட்டி பாலாவில் வாழ்ந்த வீட்டைப் பற்றிப் பேசும்போது இரண்டும் வரும். கப்பெல் கெலினைப் பற்றிப் பேசும்போது 'கார்த்ரெவ்' மட்டும்தான் வரும், அதுவும் இறந்தகாலத்தில். இதை நான் கவனித்தது ஏரிக்குப் போய் வந்த பிறகுதான்.

ஒன்றை நான் முதல் பதிவில் எழுதவில்லை. அன்று திரும்பி வந்தபோது அவருடைய ஷூ இரண்டும் சேறாக இருந்தன. அன்றிரவே பிரஷ் போட்டுத் தேய்த்து, குழாயடியில் கழுவி, ஜன்னலோரம் காயவைத்தேன். காலையில் எழுந்து முதல் வேலையாக ஷூவைக் கேட்டார். கொண்டுபோய்க் கொடுத்தேன். அடிப்பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சுத்தமாக இருக்கிறது, நன்றி என்றார். அப்புறம் கொஞ்ச நேரம் கழித்து, அந்த மண்ணை எங்கே கொட்டினாய் என்று கேட்டார்.